வர்ணம் பாதியில், பந்தி வாசலில்!

அரங்கேற்ற மாலையைக் காப்பாற்றுவதும் கெடுப்பதும் தொகுப்பாளரின் முதல் ஒன்றரை நிமிடம்

மணி 6.40. மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு சபா அரங்கம். மேடையில் பதினான்கு வயதுப் பெண் இருபது நிமிடமாக வர்ணம் ஆடிக்கொண்டிருக்கிறாள். நெற்றிச்சுட்டி வியர்வையில் ஒட்டிக் கிடக்கிறது. நட்டுவாங்கத் தாளம் வேகம் பிடிக்க, மிருதங்கம் கூடவே ஓட, நீண்ட ஸ்வரக் கோவை ஒன்று முடிந்து பாடகி பல்லவிக்குத் திரும்புகிறார். பெண் ஒரு கணம் அசையாமல் நிற்கிறாள்.

அரங்கம் பலமாகக் கைதட்டுகிறது. தட்டிய கையோடு ஐந்தாம் வரிசையிலிருந்து ஒரு குடும்பம் எழுகிறது. பின்னாலேயே இன்னொன்று. ஒரு பெரியவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு பக்கவாட்டுக் கதவை நோக்கி நடக்கிறார். கதவு திறக்கும்போதெல்லாம் வராண்டா வெளிச்சம் மேடைவரை நீள்கிறது. கூடவே தோசைக்கல்லின் வாசனையும் வருகிறது. அந்தப் பெண் சரணத்தைத் தொடங்கும்போது நடு வரிசைகளில் முப்பது நாற்காலிகளாவது காலி.

எழுந்து போனவர்கள் யாரும் மரியாதை தெரியாதவர்கள் அல்லர். வர்ணம் முடிந்துவிட்டது என்றே அவர்கள் நினைத்தார்கள். பாதிதான் முடிந்திருக்கிறது, இன்னும் பதினைந்து நிமிடம் இருக்கிறது, அதுதான் வேகமான பகுதி என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. தொடக்கத்தில் மைக்கைப் பிடித்த தொகுப்பாளர் எட்டு நிமிடம் பேசினார். குருவின் பரம்பரை, பெண்ணின் பள்ளி மதிப்பெண், ஒவ்வொரு உருப்படியின் ராகம், தாளம், இயற்றியவர் எல்லாம் அதில் இருந்தன. எப்போது இடைவேளை, எப்போது சாப்பாடு, எப்போது முடியும் என்ற மூன்று மட்டும் இல்லை.

நம் வீட்டு விழாக்கள் ஏன் இப்படி இழுத்துக்கொண்டே போகின்றன என்பது இன்று பல வீடுகளில் நடக்கும் பேச்சு. பேச்சாளர்களைக் குறை சொல்கிறோம், தாமதமாக வருபவர்களைக் குறை சொல்கிறோம். குளறுபடியில் பெரும்பகுதி அதற்கும் முன்னால், மாலையின் நடையைச் சொல்லாமல் தொடங்கும் அந்த முதல் நிமிடங்களிலேயே விதைக்கப்படுகிறது. அரங்கேற்றத்தில் இது மற்ற விழாக்களைவிடத் துல்லியமாகத் தெரியும் என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறோம்.

வரிசை தெரிந்த சபை, தெரியாத சபை

பரதநாட்டியக் கச்சேரிக்கு ஒரு வரிசை உண்டு. அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், ஜாவளி, தில்லானா. மார்க்கம் என்று சொல்லப்படும் இந்த வரிசையை 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒழுங்குபடுத்தியவர்கள் தஞ்சை நால்வர் எனப்படும் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு சகோதரர்கள். பழகிய ரசிகருக்கு இந்த வரிசையே போதும். அலாரிப்பு முடிந்தால் அடுத்தது என்ன என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அரங்கேற்றத்துக்கு வருபவர்கள் அந்த ரசிகர்கள் மட்டும் அல்லர். அப்பாவின் அலுவலக நண்பர்கள், அம்மாவின் அடுக்குமாடிக் குடியிருப்புக்காரர்கள், ஊரிலிருந்து வேன் பிடித்து வந்த சித்தப்பா பெரியப்பாக்கள், பெண்ணின் வகுப்புத் தோழிகள். இவர்களில் பலருக்கு இது வாழ்க்கையில் பார்க்கும் முதல் முழு நாட்டியக் கச்சேரி. கல்யாண வரவேற்பு மாதிரி நினைத்துக்கொண்டு வருகிறார்கள்: போய்ப் பார்த்து, வாழ்த்தி, சாப்பிட்டுக் கிளம்பலாம் என்று. தவறு அவர்களுடையது அல்ல. இங்கே நடை வேறு என்று சொல்ல வேண்டியது அழைத்தவர்களின் பொறுப்பு, அவர்கள் சார்பில் மேடையேறும் தொகுப்பாளரின் பொறுப்பு.

இதற்கு நம்மிடம் பழைய முன்மாதிரி இருக்கிறது. தெருக்கூத்தில் வேடங்கள் வருவதற்கு முன்னால் கட்டியக்காரன் வருவான். இன்றிரவு என்ன கதை, யார் வரப்போகிறார்கள் என்று ஊருக்குச் சொல்லிவிட்டுத்தான் மற்றவர்களை அழைப்பான். விடிய விடிய நடக்கும் கூத்தில், எந்த இடத்துக்கு விழித்திருக்க வேண்டும் என்பது முன்வரிசையில் படுத்திருக்கும் சிறுவனுக்கும் தெரிந்திருக்கும்.

■ பாலசரஸ்வதி காட்டிய வழி

1975 டிசம்பரில் சென்னைத் தமிழ் இசைச் சங்க மாநாட்டின் தலைமை உரையில் டி.பாலசரஸ்வதி மார்க்கத்தைப் பெரிய கோயிலின் அமைப்போடு பொருத்திக் காட்டினார். அலாரிப்பு கோபுர வாசல். ஜதிஸ்வரம் அர்த்த மண்டபம், சப்தம் பெரிய மண்டபம். வர்ணத்தில் இறைவனின் திருச்சுற்றுக்குள் நுழைகிறோம். பதம் கருவறையின் குளிர்ந்த அமைதி. தில்லானா, நிறைவாகக் காட்டும் கற்பூரம். நாட்டியம் தெரியாத விருந்தினருக்கும் எங்கே தொடங்கி எங்கே போகிறோம் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொன்னவர் இல்லை. தொகுப்பாளர்கள் அவர் பெயரைச் சொல்லி இதைத் தாராளமாக எடுத்தாளலாம்.

ஒன்றரை மணி நேரம் என்ற தப்புக் கணக்கு

நாம் மேலே பார்த்த மாலையில் தோசைக்கல் ஏன் 6.40-க்கே காய்ந்தது? சமையல்காரரைக் கேட்டால் அவர் பதில் நேரானது: வீட்டுக்காரர்கள் ஏழு மணிக்குப் பந்தி என்றார்கள். வீட்டுக்காரர்கள் அப்படிச் சொன்னதற்கும் காரணம் இருக்கிறது. நடனப் பயிற்சியில் எல்லா உருப்படிகளையும் சேர்த்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. ஐந்தரைக்குத் தொடங்கினால் ஏழுக்கு முடிந்துவிடும் என்று கூட்டிவிட்டார்கள்.

நாட்டியம் மட்டும் ஒன்றரை மணி நேரம்தான். மாலை அதைவிட நீளம். தொகுப்பாளர் மைக்கைத் தொடுவதற்கு முன் காகிதத்தில் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு இது. ஓர் எளிய அரங்கேற்றத்தின் அளவைக் கொண்டு போட்டிருக்கிறோம்.

■ ஐந்தரைக்குத் தொடங்கும் ஒரு மாலை

இறைவணக்கம், குத்துவிளக்கு, வரவேற்பு: 10 நிமிடம்
புஷ்பாஞ்சலி, அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம்: 30 நிமிடம்
வர்ணம்: 35 நிமிடம்
உரைகள் (திரைக்குப் பின்னால் உடை மாற்றம்): 20 நிமிடம்
கீர்த்தனை, பதம், தில்லானா, மங்களம்: 28 நிமிடம்
எட்டு உருப்படிகளுக்கு முன் தலா இரண்டு நிமிட அறிமுகம்: 16 நிமிடம்
குருவுக்கும் பக்கவாத்தியக்காரர்களுக்கும் மரியாதை, நன்றியுரை: 15 நிமிடம்
மொத்தம்: 154 நிமிடம்

இதில் நாட்டியம் 93 நிமிடம். மீதி 61 நிமிடத்தை யாரும் எண்ணுவதில்லை. வர்ணம் 6.20-க்குத் தொடங்கி 6.55-க்கு முடியும். உரைகள் 7.15 வரை. தில்லானாவும் மங்களமும் முடிய 7.50 ஆகிவிடும். எல்லோரும் எழுந்து கைகுலுக்க எட்டைத் தாண்டும். இந்தத் தாள் கையில் இருந்தால் தொகுப்பாளர் வரவேற்புரைக்கு முன்பே சமையல்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்: வர்ணம் முடியும்வரை அடுப்பு வேண்டாம், கதவுப் பக்கம் பாத்திரச் சத்தம் வேண்டாம். பந்தி எட்டுக்கு. பசி தாங்காதவர்களுக்கு ஐந்து மணிக்கே வாசலில் சுண்டலும் காபியும்.

நடையை அறிவிப்பது பேச்சுத் திறமை என்று பலர் நினைக்கிறார்கள். முக்கால்வாசி வேலை இந்தக் கூட்டல்தான். குரு, சமையல்காரர், அரங்க மேலாளர், உடை மாற்றிவிடுபவர், பேச்சாளர்கள் ஆகிய ஐந்து தரப்பும் ஒரே தாளைப் பார்த்திருந்தால் மட்டுமே மேடையில் சொல்வது நடக்கும். இல்லாவிட்டால் இனிமையான குரலில் ஒரு பொய் சொன்னதாக முடியும்.

எதைச் சொல்வது, எதை விடுவது

விருந்தினர் அந்த மாலையில் சில முடிவுகளை எடுக்க வேண்டியிருக்கிறது. எப்போது வெளியே போகலாம், மாத்திரையை எப்போது போட்டுக்கொள்வது, ஓட்டுநரை எத்தனை மணிக்கு வரச் சொல்வது, ஊருக்குப் போகும் கடைசிப் பேருந்தைப் பிடிக்க முடியுமா, கைதட்டலாமா கூடாதா. இந்த முடிவுகளுக்கு உதவுவதை மட்டும் தொடக்கத்தில் சொன்னால் போதும். ராகமும் தாளமும் இயற்றியவர் பெயரும் அந்தந்த உருப்படிக்கு முன்னால்தான் காதில் ஏறும். ஐந்தரைக்குச் சொன்ன தில்லானாவின் ராகம் ஏழே முக்காலுக்கு யாருக்கு நினைவிருக்கும்?

மணியைச் சொல்வதில் நிதானம் வேண்டும். “6.20-க்கு வர்ணம், 6.55-க்கு உரைகள்” என்று நிமிடக் கணக்காக அறிவித்தால், ஐந்து நிமிடம் பிசகினாலும் விருந்தினர் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்குவார்கள், பேச்சாளரைவிட அந்தக் கைக்கடிகாரம் அதிகம் பேசும். இரண்டு நேரங்கள் போதும். இடைவேளை ஏழு மணியை ஒட்டி. நிறைவு எட்டேகாலுக்குள். நம் கணக்கில் 8.04 வந்தது, அதற்கு மேல் பத்து நிமிடத்தைத் தொகுப்பாளர் தன் கையிருப்பாக வைத்துக்கொள்கிறார். சொன்னதற்கு முன்னால் முடிந்தால் எவரும் வருத்தப்பட மாட்டார்கள்.

வர்ணத்தைப் பற்றி மட்டும் கூடுதலாக இரண்டு வாக்கியம் சொல்லியாக வேண்டும். பல்லவி, அனுபல்லவி, முத்தாயி ஸ்வரம் என்று முதல் பாதி போய், மீண்டும் பல்லவிக்கு வந்து, பிறகு சரணம் தொடங்கும். அந்தச் சந்திப்பில்தான் புதியவர்கள் முடிந்துவிட்டது என்று எழுகிறார்கள். தீர்மானத்துக்குத் தீர்மானம் கைதட்டுவதில் தவறில்லை, எழுவதுதான் தவறு என்பதையும் சொல்லிவிட்டால் கைதட்டவே அஞ்சி உறைந்து உட்கார்ந்திருக்கும் கூட்டமும் இளகும். நாட்டியம் ஆடுபவருக்கு அந்தக் கைதட்டல் மூச்சு வாங்கும் இடத்தில் கிடைக்கும் தண்ணீர்.

எல்லாவற்றையும் சேர்த்தால் இப்படி வரும். நிதானமாகப் படித்தால் ஒன்றரை நிமிடம்:

“அனைவருக்கும் வணக்கம். நாட்டியம் தொடங்கும் முன் இன்றைய மாலை எப்படிப் போகும் என்று சொல்லிவிடுகிறேன். முதலில் நான்கு சிறிய உருப்படிகள். ஒவ்வொன்றும் ஐந்து முதல் பத்து நிமிடம். வெளியே போய்வர வேண்டியவர்கள் ஒரு உருப்படி முடிந்து நான் பேசும் நேரத்தில் போய்வரலாம்.

அடுத்து வர்ணம். இன்றைய மாலையின் மையம் அதுதான். நம் குழந்தை முப்பத்தைந்து நிமிடம் இடைவிடாமல் ஆடப்போகிறாள். நடுவில் ஓரிடத்தில் முடிந்துவிட்டது போலத் தோன்றும், முடிந்திருக்காது. மனதுக்குப் பிடித்த இடத்திலெல்லாம் கைதட்டுங்கள், வர்ணம் நிறைவடையும்வரை இருக்கையிலேயே இருந்து அவளை வாழ்த்துங்கள்.

ஏழு மணியை ஒட்டி இடைவேளை. அப்போது நம் சிறப்பு விருந்தினர்கள் மூவர், மொத்தம் இருபது நிமிடம் வாழ்த்திப் பேசுவார்கள். பிறகு மூன்று உருப்படிகள், நிறைவாக மங்களம். எட்டேகாலுக்குள் நிகழ்ச்சி முடியும். எட்டு மணி முதல் கீழ்த்தளத்தில் சாப்பாடு தயாராக இருக்கும். சீக்கிரம் சாப்பிட வேண்டிய பெரியவர்களுக்கு இடைவேளையிலேயே ஏற்பாடு இருக்கிறது. வாசலில் இருக்கும் நம் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

கைப்பேசியை ஒலியடக்கி வையுங்கள். படம் எடுங்கள், ஃபிளாஷ் மட்டும் வேண்டாம். ஆடுபவரின் கண்ணில் அடிக்கும். இப்போது புஷ்பாஞ்சலி.”

இதில் ‘நிறைவாக’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ‘இறுதியாக’ என்று மூன்று முறை சொல்லி நான்காவது உரைக்கு ஆளைக் கூப்பிடும் தொகுப்பாளரை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவர் மேல் சபைக்கு ஏற்பட்ட நம்பிக்கையின்மை அடுத்து ஆட வரும் பெண்மேல்தான் இறங்கும்.

இருபது நிமிடம் என்று சபையில் சொல்வதன் பலம்

அந்த அறிவிப்பின் மிகப் பெரிய பயன் விருந்தினருக்கு அல்ல, உடை மாற்றும் அறையில் இருக்கும் பெண்ணுக்கு. வர்ணம் முடிந்ததும் அவள் ஓடிப்போய் வேறு உடை மாற்ற வேண்டும். ஒட்டியாணத்தைக் கழற்றி, விசிறி மடிப்பு வைத்த புது உடையைக் கட்டி, தலையில் பூவை மாற்றி, வியர்வையில் கலைந்த கண்மையைத் திருத்த ஏறக்குறைய பதினைந்து நிமிடம் பிடிக்கும். உரைகள் அந்த நேரத்தை நிரப்பத்தான் அங்கே வைக்கப்பட்டிருக்கின்றன.

உரை நாற்பது நிமிடம் நீண்டால் என்ன ஆகும்? சூடேறியிருந்த தசைகள் ஆறிவிடும். சலங்கை கட்டிய கால்களோடு அவள் திரை ஓரத்தில் நின்றுகொண்டே இருப்பாள். அடுத்து வரும் பதம் முகத்தால் ஆடப்படுவது. அமைதியும் கவனமும் கேட்பது. சோர்ந்த சபை, ஆறிய உடல் இரண்டும் சேர்ந்தால் பதம் விழுந்துவிடும். நட்டுவாங்கம் செய்யும் ஆசிரியைகளின் பெரிய வருத்தம் இதுதான்: இரண்டு ஆண்டு சொல்லிக் கொடுத்த பதத்தைச் சபை பார்ப்பதே இல்லை.

பேச்சாளருக்குத் துண்டுச்சீட்டு அனுப்புவதும் மைக்கருகே போய் நிற்பதும் நம் ஊரில் செல்லுபடியாவதில்லை. பெரியவர்களிடம் அப்படி நடந்துகொள்ள யாருக்கும் மனமும் வராது. ஐந்தரை மணிக்கே “மூவர், மொத்தம் இருபது நிமிடம்” என்று முன்வரிசையில் அவர்களும் உட்கார்ந்திருக்கும்போது சொல்லிவிட்டால், அந்த அளவு சபைக்குத் தெரிந்ததாகிவிடும். மரியாதை குறையாமல் ஆளுக்கு ஆறு ஏழு நிமிடம் என்பது அவர்களுக்கே புரியும். ஒரே ஒரு நிபந்தனை: அவர்களிடம் முதல் நாளே தொலைபேசியில் சொல்லியிருக்க வேண்டும். சபையில் வைத்து முதன்முதலாகச் சொன்னால் அது அவமதிப்பு.

எதிர்ப்பக்கச் சிக்கலும் உண்டு. ஒரு பேச்சாளர் வரவில்லை, மற்ற இருவரும் எட்டு நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். உடை மாற்ற இன்னும் ஏழு நிமிடம் வேண்டும். அனுபவமில்லாத தொகுப்பாளர் இங்கேதான் துணுக்குச் சொல்லத் தொடங்குவார். விவரம் அறிந்தவர் வயலின் வித்துவானிடமோ புல்லாங்குழல் வித்துவானிடமோ முன்பே கேட்டு வைத்திருப்பார்: தேவைப்பட்டால் ஒரு சிறிய ராக ஆலாபனை. “இசைக்குழு சில நிமிடம் வாசிக்கும்” என்ற ஒரு வரியோடு பின்வாங்கிவிடலாம். இதைத் தொடக்க அறிவிப்பில் சொல்ல வேண்டியதில்லை. பேச்சாளர் வராமல் போகக்கூடும் என்பதால் இடைவேளையில் யார் பேசுகிறார்கள் என்ற பெயர்ப் பட்டியலையும் தொடக்கத்தில் வாசிக்காமல் விடுவது நல்லது. வராதவர் பெயர் வெறுமனே காற்றில் நிற்கும்.

சொன்னது மாறினால்

விளக்கேற்ற வேண்டிய சிறப்பு விருந்தினர் கிண்டியில் போக்குவரத்தில் மாட்டிக்கொண்டார் என்று வைத்துக்கொள்வோம். “இதோ வந்துகொண்டிருக்கிறார்” என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சொல்லிச் சபையை உட்கார வைப்பதுதான் வழக்கம். மணி ஆறு ஆகிவிடும். அந்த அரை மணி நேரம் கடைசியில் போய்ச் சேர்வது சாப்பாட்டுக்கும் வீடு திரும்புவதற்கும் நடுவில்தான். சரியான வழி, குருவும் தாத்தா பாட்டியும் விளக்கேற்றி ஐந்தரைக்கே தொடங்குவது. விருந்தினர் வந்ததும் ஒரு உருப்படி முடிந்த இடத்தில் வரவேற்பது. இதற்கு வீட்டுப் பெரியவர்களின் ஒப்புதலைத் தொகுப்பாளர் முன்னமே வாங்கியிருக்க வேண்டும். மேடையில் நின்றுகொண்டு முடிவெடுக்க முடியாது.

தொடங்கிய பிறகு தாமதமானால் மறைக்கக் கூடாது. வர்ணத்துக்கு முன்னால் பதினைந்து நிமிடம் பின்தங்கியிருந்தால் அங்கேயே சொல்லிவிடலாம்: “நாம் சற்றுத் தாமதமாகப் போகிறோம், எட்டரைக்குள் நிறைவடையும்.” இந்த ஒரு வரி தாமதமாக வந்தவர்களுக்கும் பயன்படும். ஐந்தரை என்று அச்சடித்த அழைப்புக்குப் பாதிப் பேர் ஆறு மணிக்குத்தான் வருவார்கள். தொடக்க அறிவிப்பு அவர்கள் காதில் விழுந்திருக்காது. ஆகவே வர்ணத்துக்கு முன்னால் அரை நிமிடச் சுருக்கம் கட்டாயம் வேண்டும். எழுந்து போகும் கூட்டத்தில் கணிசமானவர்கள் இப்படித் தாமதமாக வந்தவர்கள்தான்.

அறிவிப்பு போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கத் தொகுப்பாளருக்கு ஓர் எளிய அடையாளம் உண்டு. சப்தம் முடிந்து அவர் பேச வரும்போது வாசல் பக்கம் பார்க்கட்டும். வெளியே போய்வர வேண்டியவர்கள் அந்த நேரத்தில் எழுந்தால் சொன்னது விளங்கியிருக்கிறது. யாருமே எழாமல் எல்லோரும் கதவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தால் விளங்கவில்லை. வர்ணத்துக்கு முன் திரும்பவும் சொல்ல வேண்டும்.

கடல் கடந்த மேடைகளில்

டொராண்டோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் தமிழ்ப் பிள்ளைகளின் அரங்கேற்றங்கள் பெரும்பாலும் வாடகைக்கு எடுத்த பள்ளி, கல்லூரி அரங்குகளில் நடக்கின்றன. குறித்த நேரம் தாண்டினால் கூடுதல் கட்டணம், சில இடங்களில் விளக்கையே அணைத்துவிடுவார்கள். நாட்டியமே பார்த்திராத பள்ளித் தோழர்களும் அண்டை வீட்டாரும் சபையில் இருப்பார்கள். அதனால் அங்கே அண்ணனோ தோழியோ தொகுத்து வழங்கினாலும் மாலையின் நடையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் சொல்லித் தொடங்கும் பழக்கம் பல குடும்பங்களில் படிந்துவிட்டது. இரண்டு மொழியிலும் முழுவதையும் சொன்னால் மூன்று நிமிடம் ஆகும். வர்ணம், இடைவேளை, சாப்பாடு, நிறைவு ஆகிய நான்கை மட்டும் இரண்டாம் மொழியில் சொன்னால் இரண்டு நிமிடத்துக்குள் முடித்துவிடலாம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

அரங்கேற்றத்துக்கு நகை, உடை, அரங்கம், பக்கவாத்தியம், அழைப்பிதழ் என்று மாதக்கணக்கில் அலைகிறீர்கள். தொகுப்பாளருக்கு மட்டும் அன்று மாலை ஐந்து மணிக்கு அழைப்பிதழைக் கையில் கொடுத்து “நீங்களே பார்த்துப் பேசிடுங்க” என்கிறீர்கள். ஒரு வாரம் முன்னால் அவரை ஒத்திகைக்கு அழையுங்கள். கடிகாரத்தோடு உட்காரட்டும். ஒவ்வொரு உருப்படிக்கும் எத்தனை நிமிடம் என்று குறித்துக்கொள்ளட்டும். உடை மாற்றிவிடுபவரிடம் எவ்வளவு நேரம் வேண்டும் என்று கேட்கட்டும். பேச்சாளர்களுக்கு முதல் நாள் நீங்களே தொலைபேசி செய்து நேரத்தைச் சொல்லுங்கள். சமையல்காரரிடம் பந்தி நேரத்தைத் தொகுப்பாளரின் தாளைப் பார்த்துச் சொல்லுங்கள், உங்கள் உத்தேசத்தை வைத்து அல்ல. பிறகு அவர் மேடையேறி அந்த ஒன்றரை நிமிடத்தைப் பேசட்டும். உங்கள் குழந்தையின் வர்ணத்தைச் சபை முழுவதாகப் பார்க்கும்.